13 பெரிதா, 2.5 பெரிதா?

லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் ஓட்டுக்கூரைக்கு நேர் கீழே உள்ள மாடியறை பிற்பகலில் கொதிக்கும். கூரைக்கு அடியில் கண்ணாடிக் கம்பளி விரிக்கலாம் என்று இணையத்தில் தேடினால், அமெரிக்கச் சுருளில் R-13 என்றும் ஆஸ்திரேலியப் பொருளில் R2.5 என்றும் போட்டிருக்கும். பெரிய எண்ணைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

இரண்டுமே வெப்பத்தடையைக் குறிப்பவைதான், அளவுகோல்தான் வேறு. அமெரிக்க எண் சதுர அடி, ஃபேரன்ஹீட், பிடியு கணக்கில் வருவது. நம் வீட்டுக் குளிரூட்டியை 9,000 பிடியு என்கிறோமே, அதே பிடியு. ஆஸ்திரேலிய எண்ணோ சதுர மீட்டர், கெல்வின், வாட் கணக்கில் வருவது. அமெரிக்க எண்ணை 5.678ஆல் வகுத்தால் மெட்ரிக் எண் கிடைத்துவிடும். 13ஐ வகுத்தால் 2.29. ஆக, வெப்பத்தைக் கூடுதலாகத் தடுப்பது 2.5தான்.

அலகைக் குறிப்பிடாத விளம்பரங்களும் உண்டு. அப்போது தடிமனைப் பாருங்கள். மீட்டரில் சொன்ன தடிமனை, பொருளின் வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் மெட்ரிக் வெப்பத்தடை வரும். கண்ணாடிக் கம்பளியின் கடத்துதிறன் ஏறத்தாழ 0.04. அந்த R-13 சுருள் 89 மில்லிமீட்டர் தடிமன் என்றால், 0.089ஐ 0.04ஆல் வகுக்க 2.2 வருகிறது. எனவே அது அமெரிக்க எண்தான். மெட்ரிக்கில் 13 கிடைக்க அதே கம்பளி அரை மீட்டருக்கு மேல் தடிமனாக இருக்க வேண்டும்!

இந்த எண்கள் முழுத் தடிமனுக்கு மட்டுமே பொருந்தும். இடம் போதவில்லை என்று மரச்சட்டங்களுக்கு இடையே கம்பளியை நசுக்கித் திணித்தால், கணக்கில் வந்த 2.29 கூரையில் இருக்காது.