ஒரே பில், மூன்று வரி விகிதம்

மொத்தக் கடையிலிருந்து மளிகைக் கடைக்குச் சரக்கு வந்து இறங்குகிறது. கூடவே வரும் பில்லின் அடியில் ஒரு வரி அட்டவணை இருக்கும். கணக்கு எழுதும்போது அதை விகிதவாரியாகச் சுருக்கி, 5 சதவீதத்துக்கு மதிப்பு எவ்வளவு, வரி எவ்வளவு, 18 சதவீதத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பதிய வேண்டும். பில்லோ அப்படிப் பிரித்துத் தராது, ஹெச்எஸ்என் எண்வாரியாகத்தான் தரும்.

ஒரு மாதிரி பில்லைப் பார்ப்போம். குளியல் சோப்பு 4,200 ரூபாய், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 2,600 ரூபாய். இரண்டுக்கும் சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5. சலவைத் தூள் 3,500 ரூபாய், டார்ச் செல் 850 ரூபாய். இவற்றுக்கு 9, 9. வரியில்லாத பள்ளி நோட்டு 1,500 ரூபாய்.

முதல் சறுக்கல் அந்த 2.5-இலும் 9-இலும்தான். சிஜிஎஸ்டிக்கு ஒரு வரிசை, எஸ்ஜிஎஸ்டிக்கு ஒரு வரிசை என்று எழுதுகிறவர்கள் 4,350 ரூபாய் மதிப்பை இரண்டு முறை கூட்டிவிடுகிறார்கள். வரித்தொகை சரியாகவே வரும், மதிப்பு மட்டும் இரட்டிக்கும். அதனால் தப்பு சட்டென்று கண்ணில் படாது. மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் அந்த இரண்டும் ஒரே விகிதத்தின் இரு பாதிகள். மதிப்பை ஒரு முறையும், வரியை இரு பாதியும் சேர்த்தும் எடுக்க வேண்டும்.

அப்படி எடுத்தால் 5 சதவீதத்தில் மதிப்பு 6,800, வரி 340. 18 சதவீதத்தில் மதிப்பு 4,350, வரி 783. நோட்டுக்கான 1,500-ஐ விட்டுவிடாமல் பூஜ்ய வரியில் எழுதுங்கள். மதிப்பு 12,650, வரி 1,123, ஆக 13,773. பில்லின் மொத்தமும் இதே தொகையாக இருக்க வேண்டும்.

மொத்தம் ஒத்துப்போனாலும் ஒரு வகுத்தல் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். ஒவ்வொரு விகிதத்திலும் வரியை மதிப்பால் வகுத்தால் அந்த விகிதமே திரும்பி வர வேண்டும். 18 சதவீத வரிசையில் 783-க்குப் பதில் 767.34 என்று வரி போட்டிருந்தால், விடை 17.64 சதவீதம் என்று வரும். அப்போது பில்லின் கடைசியில் பாருங்கள், 2 சதவீதத் தள்ளுபடி என்று 253 ரூபாய் கழித்திருப்பார்கள். வரியைத் தள்ளுபடி போக மீதிக்குப் போட்டுவிட்டு, அட்டவணையில் மட்டும் பழைய மதிப்பை விட்டுவைத்திருக்கிறார்கள். பில்லிலேயே காட்டிய தள்ளுபடி என்பதால், அதை மூன்று விகிதங்களுக்கும் பகிர்ந்து கழிக்க வேண்டும். 4,350 என்பது 4,263 ஆகும், வகுத்தால் சரியாக 18 வரும்.

வரிசைக்கு வரிசை பைசாவை முழுமையாக்குவதால் சில பைசா இடிக்கலாம், அது பரவாயில்லை. ரூபாய்க் கணக்கில் இடித்தால் ஏதோ ஒரு பொருள் தப்பான விகிதத்தில் உட்கார்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22-இல் விகிதங்கள் மாறியபோது குளியல் சோப்பு 18-லிருந்து 5-க்கு இறங்கியது, சலவைத் தூள் 18-லேயே நின்றுவிட்டது. இரண்டையும் சோப்பு என்று ஒரே தலைப்பில் பதிந்து வைத்திருக்கும் கடைகளில் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.