இன்றைக்கே டாக்டரைப் பார்க்க ஒரு மெசேஜ்

"மேடம், உடம்பு சரியில்லை, அர்ஜென்ட், இன்னைக்கு டோக்கன் வேணும்." காலையில் கிளினிக் திறப்பதற்குள் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணின் போனுக்கு இப்படிப் பல செய்திகள் வந்துவிடுகின்றன. எல்லாமே அர்ஜென்ட் என்றால், யாருக்கு முதலில் இடம் கொடுப்பது? அந்தப் பெண் மருத்துவர் அல்ல. எழுதி அனுப்பியதை வைத்துத்தான் அவர் டாக்டரிடம் கேட்க முடியும், வரிசையை மாற்ற முடியும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தைக்கும் 28 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். நீர்க்கடுப்பில் தொடங்கி இப்போது காய்ச்சலும் வந்துவிட்டது. ஷிப்ட் நடுவில் எழுந்து போகத் தயங்கித் தண்ணீரைக் குறைத்து, ஒன்றுக்கு அடக்கி உட்காரும் பெண்களுக்கு இது தெரிந்த தொல்லை. வெட்கத்தில் "காய்ச்சல்" என்று மட்டும் எழுதினால், அவருக்கு நாளை மாலை டோக்கன் கிடைக்கலாம். இப்படி எழுதினால் கதையே வேறு:

"வணக்கம் மேடம். வயது 28, போன வருஷம் உங்கள் கிளினிக்கில் காட்டியிருக்கிறேன். இன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூன்று நாளாக ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல். நேற்று ராத்திரியிலிருந்து குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், காலை 6 மணிக்கு 102 டிகிரி. வலது பக்கம் முதுகில், விலாவுக்குக் கீழே வலி. ஒரு தடவை வாந்தி. தண்ணீர் குடித்தால் நிற்கிறது. 6.15க்கு பாராசிட்டமால் 650 ஒன்று போட்டேன், வேறு மாத்திரை எடுக்கவில்லை. சர்க்கரை இல்லை. மாதவிலக்கு பத்து நாள் தள்ளியிருக்கிறது. சல்ஃபா மாத்திரை ஒத்துக்காது, தடிப்பு வரும். லீவு சொல்லிவிட்டேன், எந்த நேரம் சொன்னாலும் வருகிறேன்."

கீழே பெயரும் போன் நம்பரும். அவ்வளவுதான்.

இதில் கனமான வரி, நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாவுக்குக் கீழ் வலியும். எரிச்சல் மட்டும் என்றால் தொற்று பெரும்பாலும் சிறுநீர்ப்பையோடு நிற்கும். இந்த இரண்டும் சேர்ந்தால், அது சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகிப்பார். அங்கிருந்து ரத்தத்துக்குப் பரவும் ஆபத்து உண்டு. இதை நாளைக்குத் தள்ளக்கூடாது. ரிசப்ஷனிஸ்டுக்கு இந்த விளக்கம் தெரிய வேண்டியதில்லை. அந்த வரியை அவர் டாக்டரிடம் அப்படியே படித்துக் காட்டினால் போதும்.

மாதவிலக்கு தள்ளியதை எழுதப் பலருக்கும் கை வராது. ஆனால் கர்ப்பமாக இருந்தால் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கே மாறும். சிறுநீரகத் தொற்று என்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்கவும் சொல்வார்கள். வாந்தி பற்றிய வரியும் அப்படித்தான்: தண்ணீரே தங்கவில்லை என்றால் மாத்திரையும் தங்காது, ஊசி வழியாகத்தான் மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். மாத்திரை போட்ட நேரம் ஏன்? பாராசிட்டமால் சில மணி நேரம் காய்ச்சலை இறக்கிவிடும். பத்து மணிக்குக் கிளினிக்கில் தெர்மாமீட்டர் 99 காட்டினால், காலையில் 102 இருந்ததற்குச் சாட்சி இந்த வரிதான்.

வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக்கில் ஒன்றை விழுங்கிவிட்டுப் போவது பெரிய கெடுதல். சிறுநீரில் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் அதன்பின் கிருமி வளராமலே போகலாம். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் பெயரை எழுதுங்கள். அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி. கூடவே, "சாம்பிள் கொண்டு வரவா, அங்கே கொடுக்கவா?" என்றும் கேட்டுவிடலாம். கிளினிக்கிலேயே, அவர்கள் தரும் டப்பாவில், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுப்பதுதான் நல்லது. வீட்டில் பிடித்து நெடுநேரம் வெயிலில் சுமந்துபோனால், கிருமிகள் டப்பாவுக்குள்ளேயே பெருகிக் கணக்கைக் கெடுத்துவிடும்.

நோயின் பெயரை நீங்களே முடிவு செய்து எழுத வேண்டாம். "யூரின் இன்ஃபெக்‌ஷன், மாத்திரை எழுதித் தரச் சொல்லுங்கள்" என்று அனுப்பினால், டாக்டர் அறிய வேண்டியது எதுவும் அதில் இல்லை.

மெசேஜுக்கும் எல்லை உண்டு. அரை மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் போன் செய்யுங்கள், அல்லது நேரில் போய்விடுங்கள். பேச்சு குழறினாலோ, மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, பல மணி நேரமாக ஒன்றுக்கே போகவில்லை என்றாலோ டோக்கன் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.