பத்து மாடி உயரம் பம்புக்குத் தெரியாது

பத்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடித்தளத்தில் 200 டன் சில்லரும் குளிர்நீர் பம்பும் இருக்கின்றன, மேல்மாடியின் ஏ.எச்.யு. 40 மீட்டர் உயரத்தில். பம்புக்கு எத்தனை மீட்டர் ஹெட் வேண்டும் என்று கேட்டால், மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிப் பழகியவர்கள் முதலில் அந்த 40-ஐத்தான் எழுதுவார்கள். இங்கே அதைச் சேர்க்கவே கூடாது.

இது மூடிய சுற்று. குழாயில் ஏறும் நீர் எவ்வளவு கனமோ, திரும்பி இறங்கும் நீரும் அவ்வளவு கனம். கிணற்று உருளையின் இருபுறமும் நிறைகுடம் கட்டியது போல, உயரம் உயரத்தோடு கழிந்துவிடும். பம்பு ஈடுகொடுக்க வேண்டியது உராய்வுக்கு மட்டுமே. (சுற்றை நிரப்பும் அழுத்தத்துக்கும், பம்பு உடல் தாங்க வேண்டிய அழுத்தத்துக்கும் உயரம் தேவை. அது வேறு கணக்கு.)

போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 5.5 டிகிரி வித்தியாசம் என்றால், 200 டன்னுக்கு வினாடிக்குச் சுமார் 30 லிட்டர் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் மிகக் கடினமான ஒரே ஒரு பாதையை மட்டும் கூட்டுகிறோம்: சில்லரில் 6 மீட்டர், போக வரக் குழாயில் 7, வளைவுகளிலும் வடிகட்டியிலும் 3, காயிலில் 4, கட்டுப்பாட்டு வால்வில் 4. மொத்தம் 24 மீட்டர். மற்ற மாடிகளின் கிளைகள் இதற்கு இணையாக ஓடுபவை. அவற்றைச் சேர்க்க வேண்டியதில்லை.

உராய்வு, ஓட்டத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். 15 லிட்டருக்கு 6 மீட்டர், 36 லிட்டருக்கு 34.5 மீட்டர். இந்தப் புள்ளிகளைக் கிடைமட்டத்தில் ஓட்டமும் செங்குத்தில் ஹெட்டும் வைத்து இணைத்தால் சுற்றின் வளைகோடு கிடைக்கும். அது பூஜ்யத்தில் தொடங்கும். தொட்டிக்கு நீரேற்றும் பம்பென்றால் 40-இல் தொடங்கியிருக்கும். பம்பு தயாரிப்பாளர் தரும் வளைகோடு, ஓட்டம் கூடக்கூட இறங்கும். இரண்டும் வெட்டும் இடமே இயங்குபுள்ளி. நாம் என்ன விரும்பினாலும் பம்பு அங்கேதான் போய் நிற்கும்.

யாரோ 40-ஐயும் சேர்த்து, 30 லிட்டருக்கு 64 மீட்டர் தரும் பம்பை வாங்கிவிட்டார் என்று வையுங்கள். ஓட்டமே இல்லாதபோது அது 76 மீட்டர் தரும். அதன் கோடு நம் கோட்டை வெட்டுவது ஏறக்குறைய 43.6 லிட்டர், 50.7 மீட்டரில். நீருக்குச் செலுத்தும் திறன் 7 கிலோவாட்டுக்குப் பதில் 21.7. மோட்டார் ஓவர்லோடில் அடிக்கடி நின்றுபோகும். நீரும் போதிய வெப்பத்தை ஏற்காமலே சில்லருக்குத் திரும்பும்.

கண்டுபிடிப்பது எளிது. பம்பை நிறுத்தினால், ஒரே உயரத்தில் உள்ள உள்புற, வெளிப்புற அழுத்தமானிகள் ஒரே அளவைக் காட்டும். ஓடவிட்டால் இடையே 2.4 கிலோ இருக்க வேண்டும். இங்கே 5 கிலோ காட்டும். வழக்கமான வைத்தியம், வெளிப்புற வால்வை நெருக்குவது. ஓட்டம் 30-க்கு வரும், ஆனால் 40 மீட்டர் ஹெட் அந்த வால்விலேயே வீணாகும். வி.எஃப்.டி. பொருத்தி 50 ஹெர்ட்சை 34.5-க்கு இறக்கினால் அதே 30 லிட்டர் 24 மீட்டரில் ஓடும். மின்சாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும்.