ஜூன் கூட்டத்தை மட்டும் நம்பாதீங்க!

கோவை துடியலூர் பக்கம் நான் ஸ்டேஷனரி கடை போட்ட முதல் வருடம், மே மாதமே எண்பதாயிரம் ரூபாய்க்கு நோட்டு வாங்கி அடுக்கிவிட்டேன். சீட்டு எடுத்த பணம் அது. எதிரில் அரசுப் பள்ளி, இரண்டு தெரு தள்ளி ஒரு மெட்ரிக் பள்ளி. ‘இத்தனை பிள்ளைகள் இருக்கும்போது விற்காமல் போகுமா?’ என்று நினைத்தேன்.

ஜூலை முடியும்போது பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. காரணம் எளியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு பாடநூல், நோட்டு, பை எல்லாம் அரசே விலையில்லாமல் தருகிறது. வகுப்பைப் பொறுத்து ஜாமெட்ரி பாக்ஸ், கிரேயான், கலர் பென்சிலும் உண்டு. மெட்ரிக் பள்ளியிலோ பெரிய வகுப்புகளுக்கு, பள்ளிப் பெயர் அச்சிட்ட நோட்டை உள்ளேயே கொடுத்துவிட்டார்கள். இதை நான் யாரிடமும் கேட்கவே இல்லை!

அதனால் கடை போட நினைக்கும் தோழிகள் ஏப்ரலிலேயே ஒரு வேலை செய்யுங்கள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் அம்மாக்களிடம், “ஏனுங்க, உங்க ஸ்கூல்ல நோட்டு எங்க வாங்கச் சொல்றாங்க?” என்று வகுப்புவாரியாகக் கேளுங்கள். போன வருட நோட்டுப் பட்டியல் யாரிடமாவது இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கோடு, இரண்டு கோடு, கட்டம் போட்டது, லாங் சைஸ் என்று எந்த வகுப்புக்கு எது வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.

பிறகு கணக்குப் போடுங்கள். இரண்டாம் வருடம் நான் போட்ட கணக்கு இது. வெளியே நோட்டு வாங்கும் பிள்ளைகள் 400 பேர். அவர்களில் பலர் டவுன்ஹால் பக்கம் மொத்தக் கடைக்கே போவார்கள். நம்மிடம் வருவது நாலில் ஒரு பங்கு, அதாவது 100 பேர். ஆளுக்கு 8 நோட்டு என்றால் 800 நோட்டு. அதிலும் பாதியை மட்டும், 400 நோட்டை முதலில் எடுத்தேன். சராசரியாக 35 ரூபாய் வைத்தால் 14,000 ரூபாய்தான். மீதியை, பள்ளி திறந்த முதல் வாரம் எது ஓடுகிறது என்று பார்த்து எடுத்தேன். கோவையிலேயே மொத்தக் கடை இருப்பதால் காலையில் போனால் மதியம் சரக்கு கடையில் இருக்கும். பிரிக்காத கட்டைத் திருப்பி எடுப்பார்களா என்று வாங்கும்போதே பேசிவிடுங்கள்.

மீந்த நோட்டு சும்மா இருக்காது, கெடும். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றும் தூறலும் நமக்குத் தெரிந்ததுதானே! தரையில் வைத்த கட்டில் ஓரம் நெளிந்து மஞ்சளடிக்கும். பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். ரப்பரை பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒரே டப்பாவில் போட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஸ்கேலில் தடம் விழும்.

விலை மாற்றமும் கையைக் கடிக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னருக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்றானது. நோட்டுக்கு அதுவரை 12 சதவிகிதம். என்னைப் போல ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்னக் கடைக்காரர்கள், ஜூனில் வரியோடு வாங்கி வைத்த நோட்டுக்கு அந்த வரியைத் திரும்பப் பெற வழியில்லை. சரக்கு குறைவாக வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

அப்படியானால் கடை எதில் ஓடுகிறது? காலை எட்டேகாலிலிருந்து ஒன்பது மணி வரை! “அக்கா, இன்னைக்கு சார்ட் கொண்டு போகணும்” என்று ஓடி வரும் பிள்ளைதான் நம் நிரந்தர வாடிக்கை. சார்ட், பிரவுன் ஷீட், லேபிள், பட சார்ட், இந்தியா அவுட்லைன் மேப், பசை, பேனா... அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இவை வேண்டும். அந்த நேரத்தில் பேரம் இல்லை, டவுன்ஹால் போக நேரமும் இல்லை. என் அனுபவத்தில் நோட்டை விட இதில்தான் லாப விகிதம் அதிகம். முந்தின நாளே ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சில்லறை மாற்றி வையுங்கள். மேப்பை மாநிலம், நாடு, உலகம் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தால் கூட்டத்தில் தேட வேண்டியதில்லை.

அடுத்து தேர்வு நேரம். காலாண்டுக்கு செப்டம்பர், அரையாண்டுக்கு டிசம்பர், பொதுத்தேர்வுக்கு மார்ச். தேர்வு தொடங்க பத்து நாள் முன்பு பரீட்சை அட்டை, ஸ்கேல், நீலம், கறுப்புப் பேனா, விடைத்தாள் கட்டும் நூல் கடையில் இருக்க வேண்டும். மே மாதம் வியாபாரம் அநேகமாக இருக்காது. அந்த மாத வாடகையை மார்ச்சிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

ஜூலை கடைசியில், மீந்த நோட்டுகளை வகைவாரியாக எண்ணி ஒரு டைரியில் எழுதுங்கள். அடுத்த மே மாதம் மொத்தக் கடைக்காரர், “இன்னும் நாலு கட்டு சேர்த்து எடுத்துக்குங்க” என்று சொல்லும்போது, அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.