பதினெட்டு வயது விங்கருக்கு இரண்டு சீசன்

2003 ஆகஸ்ட் 6, லிஸ்பன். ஸ்போர்ட்டிங் அணியின் புதிய மைதானத் திறப்பு விழா ஆட்டத்தில் 18 வயது கிறிஸ்டியானோ ரொனால்டோவைத் தடுக்க முடியாமல் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஜான் ஓஷே திணறினார். ஸ்போர்ட்டிங் 3-1 என்று வென்றது. ஒரு வாரத்துக்குள் ரொனால்டோ மான்செஸ்டர் வீரர். அன்றைய ரொனால்டோ போன்ற ஒரு விங்கரைப் பற்றி நல்ல ஸ்கவுட் என்ன எழுத வேண்டும்?

‘வேகமானவன், திறமைசாலி’ என்று எழுதினால் கிளப்புக்குப் பயனில்லை. பந்து எங்கே வந்தது, எதிரே எத்தனை பேர், அடுத்து என்ன நடந்தது என்று அறிக்கை சொல்ல வேண்டும். இப்படி: ‘இடது ஓரம், எதிரே ஒருவர். நின்ற இடத்திலிருந்தே இரண்டு எட்டில் தாண்டினான். கோலுக்கு முன்னால் சக வீரர் தனியாக நின்றார். ஆனாலும் காலைச் சுழற்றி இன்னொருவரை ஏமாற்றப் பார்த்தான். கிராஸ் போவதற்குள் தடுப்பாட்டக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.’

இந்தச் சில வரிகளிலேயே பலமும் பலவீனமும் இருக்கின்றன. நின்ற இடத்திலிருந்து பாயும் வேகத்தைப் பயிற்சியால் ஓரளவுதான் கூட்ட முடியும். அது இல்லாத 18 வயது விங்கரை வாங்கத் தயங்க வேண்டும். பந்தைத் தாமதமாக விடுவது பழக்கம். தினமும் வலுவான ஆட்டக்காரர்களோடு பயிற்சி செய்தால் அது மாறும். எனவே இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

இதில் ஒரு பொறியும் உண்டு. வயதுக்கு முன்பே உடல் வளர்ந்த பையன், சக வயதினரை உடல் பலத்தால் மட்டுமே தாண்டிவிடுவான். மற்றவர்கள் வளர்ந்ததும் அந்தச் சாதகம் போய்விடும். அதனால்தான் அனுபவசாலிகள் அவனைப் பெரியவர்களுக்கு எதிரான ஆட்டத்திலும் பார்த்த பிறகே எழுதுகிறார்கள். ரொனால்டோ அந்தச் சோதனையை ஸ்போர்ட்டிங்கின் முதல் அணியிலேயே கடந்திருந்தார்.

அடுத்த இரண்டு சீசனுக்கான கணிப்பில்தான் ஸ்கவுட்டுகள் அதிகம் சறுக்குகிறார்கள்; கோல் எண்ணிக்கையை வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ரொனால்டோ முதல் சீசனில் லீக்கில் அடித்தது 4 கோல், இரண்டாவதில் 5. இதை மட்டும் பார்த்தால் வாங்கியதே தவறு என்று தோன்றும். கவனிக்க வேண்டியவை வேறு: பந்தை முன்பைவிடச் சீக்கிரம் விடுகிறானா? மறுபக்கத்திலிருந்து கிராஸ் வரும்போது கோல் முகப்புக்கு ஓடுகிறானா? 2004 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மில்வாலுக்கு எதிராக ரொனால்டோ தலையால் முட்டி அடித்த முதல் கோல், இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில். கோல்கள் பிறகு வந்தன: மூன்றாவது சீசனில் 9, நான்காவதில் 17.