குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலிக்கும் விரிவுரைப் பதிவு: எவ்வளவு திருத்த முடியும்?

வெற்றுச் சுவர்களைக் கொண்ட அறையில் பேசுபவரின் குரல் ஒலிவாங்கியை நேராக ஒருமுறை அடைந்த பிறகும், சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான சிறு பிரதிகளாக வந்துகொண்டே இருக்கும். தனித்தனியாகக் காதில் விழாமல் ஒன்றோடொன்று கலந்து ஒரு வாலாக நீளும் இந்த ஒலி எதிர்முழக்கம் எனப்படும். அது 60 டெசிபெல் அளவுக்குத் தணிய எடுக்கும் நேரமே அறையின் எதிர்முழக்க நேரம். 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3.2 மீட்டர் உயரம் உள்ள ஒரு வகுப்பறையில் இந்த நேரம் 1.2 நொடி என்றும், 3 மீட்டர் தள்ளிப் பெஞ்சின்மேல் வைத்த கைப்பேசியில் மின்விசிறி ஓட விரிவுரை பதிவானது என்றும் கொள்வோம். அந்தப் பதிவில் இருப்பவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். இரண்டையும் ஒரே கருவியால் தீர்க்க முயல்வதில்தான் பெரும்பாலான திருத்தங்கள் கெடுகின்றன.

மின்விசிறியின் இரைச்சல் தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய மாறாமல் இருப்பதால், இரைச்சல் குறைப்புக் கருவிக்கு அது எளிய இரை. ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் பேச்சில்லாத ஒன்றிரண்டு நொடிகளைத் தேர்ந்தெடுத்து Noise Reduction பெட்டியில் Get Noise Profile என்பதை அழுத்தினால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்பதை மென்பொருள் குறித்துக்கொண்டு, பதிவு முழுவதும் அந்த அளவைத் தாண்டாத பகுதிகளை மட்டும் தணிக்கிறது. மாதிரியை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு சொல் முடிந்தவுடன் வரும் இடைவெளி கண்ணுக்கு மௌனமாகத் தெரிந்தாலும், அங்கே அந்தச் சொல்லின் வால் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். அதையும் சேர்த்து மாதிரியாக்கினால் மென்பொருள் பேச்சையே இரைச்சல் எனக் கற்றுக்கொண்டு அரிக்கத் தொடங்கிவிடும். ஆகவே கடைசிச் சொல்லுக்குப் பின் எதிர்முழக்க நேரமான 1.2 நொடியைக் கடந்து, அல்லது பேச்சு தொடங்குவதற்கு முன்பிருந்தே மாதிரியை எடுக்க வேண்டும். குறைக்கும் அளவு 6 முதல் 12 டெசிபெல்லுக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் குரலைச் சுற்றி நீரில் மூழ்கியது போன்ற கலங்கலான ஒலி தோன்றும். அளவு மீறியதா என்பதை அறிய, நீக்கப்படும் பகுதியை மட்டும் கேட்கவிடும் Residue தெரிவு உதவுகிறது: அதில் மின்விசிறி மட்டும் கேட்டால் சரி, அசைகள் கேட்டால் குரலும் போகிறது என்று பொருள்.

இரைச்சல் போனபின் குடத்தொலி முன்னிலும் தெளிவாகத் தெரிவது பலருக்கு ஏமாற்றமளிக்கும். அதுவரை வாலை மறைத்திருந்த திரையே விலகியிருக்கிறது. இங்கு ஈக்குவலைசர், அதாவது அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றவும் இறக்கவும் உதவும் கருவி, பயன்படுகிறது. அமர்ந்திருப்போரின் உடையும் உடலும் உயர் அதிர்வெண்களை உறிஞ்சும் அளவுக்குத் தாழ்ந்தவற்றை உறிஞ்சாததால், வாலில் பெரும்பாலும் தாழ்வான இடைநிலை அதிர்வெண்களே தேங்குகின்றன. முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டிவிட்டு, பிறகு ஒரு குறுகிய பட்டையை வேண்டுமென்றே 8 டெசிபெல் உயர்த்தி 200 முதல் 600 ஹெர்ட்ஸ் வரை மெல்ல நகர்த்திக்கொண்டே கேட்டால், குடத்தொலி சகிக்க முடியாமல் பெருகும் ஓர் இடம் அகப்படும். எடுத்துக்காட்டாக அது 350 ஹெர்ட்ஸ் என்றால், அந்த உயர்வை நீக்கி, அதே இடத்தில் சற்று அகலமான பட்டையாக 4 அல்லது 5 டெசிபெல் இறக்குவதும், மெய்யெழுத்துகள் துலங்க 3,000 ஹெர்ட்ஸ் அருகே 2 டெசிபெல் ஏற்றுவதும் போதும். இன்னும் ஆழமாக வெட்டினால் குரல் மெலிந்து பழைய தொலைபேசியில் கேட்பதாகிவிடும்.

இவ்வளவு செய்தும் வால் குறுகுவதில்லை, அதன் நிறம் மட்டுமே மாறுகிறது. ஈக்குவலைசர் நேரத்தை அறியாது, வாலும் குரலும் ஒரே அதிர்வெண்களில் குடியிருக்கின்றன. நேரொலியும் எதிர்முழக்கமும் சமமாகும் தூரத்தை, அறையின் கன அளவை எதிர்முழக்க நேரத்தால் வகுத்து, வரும் எண்ணின் வர்க்கமூலத்தை 0.057 ஆல் பெருக்கிக் கணிப்பது வழக்கம். மேற்சொன்ன அறைக்கு அது ஏறத்தாழ 74 சென்டிமீட்டர்தான். 3 மீட்டரில் வைத்த கைப்பேசிக்கு எதிர்முழக்கம் நேரொலியைவிடச் சுமார் 12 டெசிபெல் ஓங்கியிருந்தது என்பதும், சட்டையில் 20 சென்டிமீட்டர் தொலைவில் பொருத்திய ஒலிவாங்கியில் நேரொலியே சுமார் 11 டெசிபெல் ஓங்கியிருக்கும் என்பதும் இதிலிருந்து கிடைக்கின்றன. பதிவு ஏற்கெனவே முடிந்துவிட்ட நிலையில், சொற்களுக்கு இடையிலுள்ள தாழ்ந்த ஒலியை மேலும் தாழ்த்தும் எக்ஸ்பாண்டரை மிதமாக இட்டால், குரல் ஓய்ந்தபின் நீளும் வால்களாவது ஒடுங்கும். பேச்சின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரஸர் அதற்கு நேர் எதிராக வாலை மேலே தூக்கிவிடும் என்பதால், இத்தகைய பதிவில் அதைத் தவிர்ப்பதே உத்தமம்.