உறைந்த தடுப்பூசி அடையாளம் காட்டாது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. இப்படி ஒரு பகுதி இருளில் மூழ்கும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓர் அறையில் இருக்கும் தடுப்பூசிகள் என்ன ஆகும்? ஏ.சி. நின்றால் வெக்கை தெரியும், மோட்டார் நின்றால் குழாயில் தண்ணீர் வராது. தடுப்பூசி கெட்டால் மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்வது கடினம். கெட்டுப்போன ஊசியைப் போட்டாலும் குழந்தை வழக்கம்போல் அழும், தாய் வீட்டுக்குத் தூக்கிப்போவார். பாதுகாப்பு மட்டும் கிடைத்திருக்காது.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசிகள் எல்லாம் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் இருக்க வேண்டும். அதற்கான பெட்டியை ஊழியர்கள் ஐ.எல்.ஆர். என்பார்கள். மேலே மூடி திறக்கும் பெட்டி அது. உட்சுவரைச் சுற்றி நீர் நிரம்பிய அடுக்கு இருக்கும். மின்சாரம் இருக்கும்போது அந்த நீர் பனிக்கட்டியாகி, மின்சாரம் போனபின் உள்ளே இருப்பதைக் குளிர வைக்கும். ஒரு நாளில் சுமார் 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே இதற்குப் போதும். உலக சுகாதார நிறுவனம் அங்கீகரிக்கும் பெட்டிகள், வெளியே 43 டிகிரி வெக்கையிலும் மின்சாரமில்லாமல் குறைந்தது 20 மணி நேரம் தாங்க வேண்டும். சோதனைக்கூடத்தில் மூடியைத் திறக்காமல் பார்த்த கணக்கு அது. ரப்பர் விளிம்பு தேய்ந்த பழைய பெட்டியில், அடிக்கடி திறக்கும் இடத்தில், அந்த நேரம் குறையும். வீட்டு ஃபிரிட்ஜுக்கு இப்படிப் பனி அடுக்கு கிடையாது. கதவும் முன்பக்கம் திறப்பதால் ஒவ்வொரு முறையும் குளிர்காற்று கீழே கொட்டிவிடும். சில மணி நேரத்துக்கு மேல் அதை நம்ப முடியாது.

ஐ.எல்.ஆருக்குப் பக்கத்தில் அதே உருவத்தில் இன்னொரு பெட்டி நிற்கும். அது டீப் ஃப்ரீசர். உள்ளே மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிகிரி வரை இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதன் வேலை ஐஸ் பேக் உறைய வைப்பது மட்டுமே. தடுப்பூசி எதையும் அதில் வைக்கக் கூடாது. கரண்ட் போன பதற்றத்தில் இந்த ஒரு விதிதான் முதலில் மறந்துபோகிறது.

தடுப்பூசிக்கு வெப்பம்தான் எதிரி என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். பாதி உண்மைதான் அது. போலியோ சொட்டு மருந்தும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் வெப்பத்தில் வாடும், ஆனால் உறைவதைத் தாங்கும். ஹெபடைடிஸ்-பி, ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலண்ட், டெட்டனஸ்-டிப்தீரியா, நிமோகாக்கல் ஆகியவை இதற்கு நேர் எதிர். வெப்பத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், உறைந்தால் பயனற்றுப் போகும். இவற்றில் மருந்துப் பொருள் அலுமினிய உப்பின் நுண்துகள்களோடு ஒட்டிக்கொண்டு கலங்கலாக மிதக்கிறது. உறையும்போது அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகிவிடும். திரிந்த பாலை எவ்வளவு கலக்கினாலும் பழைய பாலாகாது. அதுபோல, பனி உருகிய பிறகும் அந்தத் துகள்கள் பிரிவதில்லை. ஹெபடைடிஸ்-பி உறைவதற்குப் பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே போனாலே போதும்.

வெப்பம் பட்டதைச் சொல்ல குப்பியிலேயே ஒரு சாட்சி உண்டு. லேபிளிலோ மூடியிலோ ஒரு வட்டம், அதற்குள் வெளிறிய ஒரு சதுரம் இருக்கும். வி.வி.எம். என்பார்கள். வெப்பம் படப்பட உள்சதுரம் கருத்துக்கொண்டே வரும், மறுபடி குளிரில் வைத்தாலும் வெளுக்காது. சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் பயன்படுத்தலாம். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டாலோ தாண்டிவிட்டாலோ அந்தக் குப்பி ஆகாது. போலியோ சொட்டு மருந்துக் குப்பியின் சதுரம் 37 டிகிரியில் இரண்டே நாளில் அந்த நிலைக்கு வந்துவிடும். ஹெபடைடிஸ்-பி குப்பிகள் பலவற்றில் அதே வெப்பத்துக்கு ஒரு மாதம் ஆகும். ஆனால் உறைந்துபோனதை வி.வி.எம். காட்டாது. சதுரம் பளிச்சென்று வெளிறி இருக்கும், மருந்து பயனற்றுப் போயிருக்கும். மின்வெட்டுக்குப் பிறகு நான் அதிகம் அஞ்சுவது, வெப்பத்திலிருந்து காப்பாற்றப் போய் யாராவது மருந்தை உறைய வைத்துவிடுவதைத்தான்.

ஒரு மின்வெட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். ஐப்பசி மழை. செவ்வாய்க்கிழமை மாலை 7 மணிக்கு மின்சாரம் போகிறது. ஐ.எல்.ஆர். வெப்பமானி 4 டிகிரி காட்டுகிறது. அப்போது செய்ய வேண்டிய முதல் காரியம், மூடியைத் திறக்காமல் இருப்பது. இ-வின் திட்டத்தில் வைத்த கருவி இருந்தால் உள்ளே உள்ள வெப்பநிலையை வெளியிலிருந்தே பார்க்கலாம், எல்லை தாண்டினால் பொறுப்பாளரின் கைபேசிக்குத் தகவலும் போகும். ஊரெல்லாம் இருட்டா, நம் கட்டடத்தில் மட்டுமா என்று பார்க்க வேண்டும். ஸ்டெபிலைசரோ ஃபியூஸோ போயிருந்தால் அது வேறு வேலை. மின்சாரம் போன நேரத்தையும் அப்போதைய வெப்பநிலையையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பிறகு மின்வாரிய அலுவலகத்துக்கும் மருத்துவ அலுவலருக்கும் போன் செய்ய வேண்டும். ஜெனரேட்டர் இருந்தால், இரவெல்லாம் ஓட்டத் தேவையில்லை. நாளுக்கு 8 மணி நேரத்துக்கு டீசல் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஜெனரேட்டர் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். புதன் காலை 7 மணிக்கு 5 டிகிரி. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். கிராம சுகாதார செவிலியர்கள் மருந்து வாங்க வந்து நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை மூடியைத் திறப்பதைவிட, தேவையை முன்பே எழுதி வாங்கிக்கொண்டு ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். பிற்பகல் 2 மணிக்கு ஆறரை டிகிரி. மின்கம்பம் சாய்ந்திருக்கிறது, இன்று வராது என்று மின்வாரியத்தில் சொல்லிவிட்டார்கள். இந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டும். 8 டிகிரி தாண்டும்வரை காத்திருப்பது தவறு, ஏனென்றால் டீப் ஃப்ரீசரிலுள்ள ஐஸ் பேக்குகளும் அதே நேரத்தில் உருகிக்கொண்டிருக்கின்றன. மருந்தை இடம் மாற்றுவதற்கான ஐஸ் அதுதான்.

மின்சாரம் இருக்கும் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் பேசி, அங்கே ஐ.எல்.ஆரில் இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாடும் அந்த போன் எண்களும் முன்பே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். பிறகு ஐஸ் பேக்குகளை வெளியே எடுத்து மேசையில் பரப்ப வேண்டும். ஃப்ரீசரிலிருந்து வரும் ஐஸ் பேக் மைனஸ் 20 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். அதை அப்படியே மருந்தின் பக்கத்தில் அடுக்கினால் பென்டாவேலண்ட் உறைந்துவிடும். மேலே படிந்த பனி வியர்த்துக் கரைந்து, காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்க வேண்டும். அப்போது உள்ளே பனியும் நீரும் சேர்ந்து பூஜ்ஜிய டிகிரிக்கு வந்துவிட்டது என்று பொருள். அறையின் வெக்கையைப் பொறுத்து அரை மணி, ஒரு மணி நேரம்கூட ஆகலாம். வாசலில் வண்டி காத்திருந்தாலும் இந்த நேரத்தைக் குறைக்கக் கூடாது.

அதன்பின் கோல்டு பாக்ஸின் அடியிலும் பக்கங்களிலும் ஐஸ் பேக்குகளை அடுக்கி, நடுவில் பாலிதீன் பையில் கட்டிய குப்பிகளை ஒரு வெப்பமானியோடு வைத்து, மேலேயும் ஐஸ் பேக் போட்டு மூடலாம். உறைந்தால் கெடும் குப்பிகள் எந்த ஐஸ் பேக்கையும் தொடாமல் இருக்கட்டும். எந்த மருந்து, எந்த பேட்ச் எண், எத்தனை குப்பி, எத்தனை மணிக்கு என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்திட வேண்டும்.

வியாழன் இரவு மின்சாரம் வருகிறது. இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. வேகமாகக் குளிரட்டும் என்று தெர்மோஸ்டாட் குமிழை முழுக்கத் திருப்புவது மனித இயல்பு. அப்படிச் செய்தால் பல பெட்டிகளின் அடிப்பகுதி பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். குமிழை அதன் பழைய இடத்திலேயே விட்டு, ஸ்டெபிலைசர் வழியாக ஓடவிட்டு, 2 முதல் 8 டிகிரிக்குள் வந்து நிலைத்த பிறகே மருந்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வைக்கும்போதும் இடம் உண்டு. வெப்பத்தில் வாடும் போலியோவும் தட்டம்மையும் கீழே, உறைந்தால் கெடும் மற்றவை மேல் கூடைகளில்.

இனி எது நல்லது, எது கெட்டது? வெப்பமானி சில மணி நேரம் 10 டிகிரி காட்டியது என்பதற்காக எல்லாவற்றையும் வீசிவிடுவதும் தவறுதான். குப்பி குப்பியாக வி.வி.எம். பார்க்க வேண்டும், மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவித்து அவர்கள் சொல்படி நடக்க வேண்டும். ஹெபடைடிஸ்-பி தாங்கியிருக்கும், போலியோ சொட்டு மருந்தில் சில குப்பிகள் போயிருக்கலாம்.

உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் குலுக்கல் சோதனை இருக்கிறது. அதே நிறுவனம், அதே பேட்ச்சில் ஒரு குப்பியை வேண்டுமென்றே இரவு முழுவதும் உறைய வைத்து, அடையாளம் எழுதி, மறுநாள் தானாக உருகவிட வேண்டும். அதையும் சந்தேகக் குப்பியையும் ஒன்றாகக் கையில் பிடித்துக் குலுக்கி, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அரை மணி நேரம் பார்க்கலாம். உறைந்த குப்பியில் துகள்கள் விரைவாக அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். சந்தேகக் குப்பி அதைவிட மெதுவாகப் படிந்தால் பயன்படுத்தலாம். அதே வேகத்திலோ அதைவிட விரைவாகவோ படிந்தால் கழிக்க வேண்டும். உள்ளே பனிக்கட்டியாகவே கண்ட குப்பிக்குச் சோதனையும் தேவையில்லை. ஊசியாகப் போடும் போலியோ மருந்தில் அலுமினிய உப்பு இல்லாததால் இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.

கழித்த குப்பிகளை ஐ.எல்.ஆரிலோ டீப் ஃப்ரீசரிலோ ஒரு மூலையில்கூட வைத்திருக்கக் கூடாது. தனிப் பெட்டியில் போட்டு, "பயன்படுத்தக் கூடாது" என்று எழுதி, கணக்கை இருப்புப் பதிவேட்டில் கழித்து, அந்தப் பெட்டியை வேறு அறைக்கு எடுத்துப்போய்விட வேண்டும். அடுத்த புதன்கிழமை கூட்டத்தில், அவசரமாகக் கூடைக்குள் கைவிடும் ஒருவர் குப்பியை வெளித்தோற்றத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்.